அமராவதிக் கற்களைப் பற்றி, பிரிட்டிஷ் மியூசியத்தின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். சென்னை எழும்பூர் மியூசியத்துக்குச் சின்ன வயதிலிருந்து போய் வருகிறவன் நான். அங்கே இருக்கும் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் உங்கள் 33ஏ அறைக்கு ஒருமுறை வந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஈரப்பதம் அளந்து வைத்த காற்றில், அதே வெளிர்பச்சைச் சுண்ணாம்புக்கல் பலகைகள் நின்றன. அதே தாமரை வட்டங்கள், அதே ஒடிசலான இடுப்பும் நீண்ட கால்களும் கொண்ட மனிதர்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளை இரண்டு ஊரில் வைத்து வளர்த்ததுபோல் இருந்தது. அன்றிலிருந்து மனதில் கிடந்ததை இப்போது எழுதுகிறேன்.

காலனி ஆட்சியில் எடுத்துப்போன பொருள்களைத் திருப்பித் தருவது பற்றிய பேச்சு வந்தால் எல்லோரும் கோஹினூருக்கும் நைஜீரியாவின் பெனின் வெண்கலங்களுக்கும் போய்விடுகிறார்கள். அவற்றில் கதை ஓரளவு நேரானது. போர் நடந்தது, தோற்றவனிடமிருந்து எடுத்தார்கள். அமராவதி அப்படி இல்லை. அங்கே யாரும் படையெடுத்து வரவில்லை, யார் கையிலிருந்தும் பிடுங்கவில்லை. "நாங்கள் எடுத்திருக்காவிட்டால் சுண்ணாம்பாகிப் போயிருக்கும்" என்று உங்கள் தரப்பில் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று நினைத்தேன். வழக்கு சுலபமாக இருக்கும் இடத்தில் நியாயம் பேசுவது பெரிய காரியமில்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த மடலைப் படிக்கும் என் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

ஆந்திராவில், கிருஷ்ணா நதியின் தென்கரையில், இன்று அமராவதி என்று சொல்லும் பழைய தானியகடகத்தில் மகாசைத்தியம் என்ற பெரிய பௌத்தத் தூபி இருந்தது. அதைச் சுற்றி நின்ற கல்வேலியின் குறுக்களவு மட்டும் ஏறக்குறைய 190 அடி. கிறிஸ்துவுக்கு முன்னரே தொடங்கி, சாதவாகனர் காலத்தில் வளர்ந்து, பல நூற்றாண்டுகள் கட்டியும் திருத்தியும் வந்தார்கள். ஒரே அரசன் தன் கஜானாவிலிருந்து கட்டிக்கொடுத்தது அல்ல அது. பிக்குணிகள், வணிகர்கள், குடும்பப் பெண்கள் என்று ஆளுக்கொரு கல்லாகக் கொடுத்தது. கல்லில் பிராகிருதத்தில் பெயரையும் வெட்டி வைத்தார்கள். அவர்களில் ஒருவர் தமிள கண்ணன். தம்பி சுள கண்ணனோடும் தங்கை நாகையோடும் சேர்ந்து மகாசைத்தியத்தின் அடியில் ஒரு பலகையை நிறுத்தினார் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்த "தமிள" என்ற சொல்லைத் தமிழர் என்றே ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். அதைப் படித்த நாளில் எனக்குப் புல்லரித்தது என்று சொல்ல வெட்கப்படவில்லை.

14ஆம் நூற்றாண்டு வரை அந்த இடத்துக்குப் பௌத்தர்கள் வந்து போனதற்குச் சான்று இருக்கிறது. 1344இல் இலங்கையில் கடலாதெனியக் கோயிலில் வெட்டிய கல்வெட்டில், ஒரு தேரர் தானியகடகத்தில் இருந்த படிம மாளிகையைப் புதுப்பித்த செய்தி வருகிறது. அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. தூபி மண்மேடானது. ஊர்க்காரர்கள் அதைத் தீபாலதின்னை, விளக்குமேடு, என்று சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜமீன்தார் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு தன் தலைநகரை அமராவதிக்கு மாற்றினார். புது ஊர் கட்டக் கல்லும் செங்கலும் வேண்டும். மேட்டைத் தோண்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி முதல்முறை அங்கே போகிறார். 1816இல் திரும்பிப் போனபோது மேட்டின் நடுவில் குளம் வெட்டியிருந்தது. சிற்பப் பலகைகள் படிக்கட்டாகவும் சுவராகவும் ஆகியிருந்தன. பல கற்கள் சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பாயின. மெக்கன்சியும் அவருடைய வரைவாளர்களும் மிச்சமிருந்ததை அளந்து, ஒவ்வொரு கல்லாக வரைந்து வைத்தார்கள். அந்த ஓவியங்களில் இருக்கும் பல கற்கள் இன்று எங்குமே இல்லை.

இதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. அமராவதித் தூபியை அழித்தது ஆங்கிலேயன் அல்ல. நம் ஆட்கள்தான். மெக்கன்சி போயிருக்காவிட்டால் அழிந்தது என்ன என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

சரி, அப்புறம் என்ன நடந்தது? 1845இல் குண்டூரில் இருந்த கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் மேட்டின் ஒரு பகுதியைத் தோண்டி, கிடைத்த பலகைகளைச் சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் அவை வருஷக்கணக்கில் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1851இல் சென்னை மியூசியம் தொடங்கிய பிறகு அங்கே போய்ச் சேர்ந்தன. 1858இல் சென்னை அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் அவற்றைச் சென்னை மியூசியத்திலேயே வைத்துப் படமெடுத்தார். "எலியட் மார்பிள்ஸ்" என்று பெயரிட்டு அச்சிட்ட அந்தப் படங்களை இன்றும் பார்க்கலாம். கற்கள் சுவரில் சாய்ந்து, எண்ணிடப்பட்டு, ஒழுங்காக நிற்கின்றன. மறுவருஷம், 1859இல், அவற்றைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள்.

இந்த இரண்டு பயணங்களையும் தயவுசெய்து ஒன்றாகச் சேர்த்துப் பேசாதீர்கள் என்பதுதான் இந்த மடலின் மையம். அமராவதியிலிருந்து சென்னைக்கு ஒரு பயணம். சென்னையிலிருந்து லண்டனுக்கு இன்னொன்று. "சூளையிலிருந்து காப்பாற்றினோம்" என்ற வாதம் முதல் பயணத்துக்குப் பொருந்தும், நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதுக்கு அது பொருந்தாது. 1859இல் அந்தக் கற்களுக்கு முன்னால் சூளை இல்லை, ஜமீன்தார் இல்லை, கடப்பாரை இல்லை. ஒரு மியூசியம்தான் இருந்தது. அந்த மியூசியத்திலிருந்துதான் எடுத்தீர்கள்.

எடுத்துப்போய் என்ன செய்தீர்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. கற்கள் லண்டன் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி ஆட்சி முடிந்துபோயிருந்தது. லண்டனில் கம்பெனி வைத்திருந்த இந்தியா மியூசியம் இடம் மாறிக்கொண்டிருந்தது. அவற்றைப் பார்ப்பார் இல்லை. 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் படங்கள் சேர்த்துக்கொண்டிருந்த கட்டடக்கலை வரலாற்று ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன், அந்த மியூசியம் அப்போது இருந்த ஃபைஃப் ஹவுஸின் வண்டிக்கொட்டகையில் அவை கிடப்பதைக் கண்டார். சென்னையில் வெட்டவெளியில் கிடந்தது அலட்சியம் என்றால் லண்டனில் வண்டிக்கொட்டகையில் கிடந்ததும் அலட்சியம்தான். இந்தியா மியூசியத்தைக் கலைத்த பிறகு, 1880இல் அவை உங்கள் கைக்கு வந்தன. உங்கள் பதிவேட்டில் அந்தக் கற்களின் எண்கள் எல்லாம் 1880 என்றே தொடங்குகின்றன. அந்த எண்ணைப் பார்க்கிறவருக்கு, கல்லின் வாழ்க்கை லண்டனிலேயே தொடங்கியதுபோலத் தோன்றும்.

"அந்தக் காலத்து வேலையை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்காதே" என்று சிலர் சொல்வார்கள். அளக்க வேண்டாம். அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளக்கலாம். 1880இல் சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகனின் உத்தரவில் தூபியின் நடுப்பகுதியை முழுக்கத் தோண்டியெடுத்தார்கள். மேடு இருந்த இடம் பள்ளமானது. அதன்பின் 1881இல் வந்த தொல்லியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பர்ஜஸ் மிச்சக் கற்களைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றார். இந்தியாவின் பழஞ்சின்னங்களுக்குக் காப்பாளராக அரசே நியமித்திருந்த ஹெச். ஹெச். கோல் கூடாது என்றார். மூலக் கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மியூசியங்களுக்குப் பிளாஸ்டரில் வார்ப்பு எடுத்துக் கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. ஒரு நாட்டின் பழங்கலையின் மூலங்களை அள்ளிக்கொண்டு போக விடுவது தற்கொலைக்கு ஒப்பான கொள்கை என்ற அளவுக்குக் கடுமையாக எழுதினார். அவர் சீருடை அணிந்த ஆங்கிலேய அதிகாரி, தேசியவாதி அல்ல. அவர் பேச்சு எடுபடவில்லை. ஆனால் 140 வருஷத்துக்கு முன்பே இந்த வாதம் உங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, இரண்டு வழியிலும். இந்தியா முழுமைக்குமான புதையல் சட்டம் 1878இல்தான் வந்தது. பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904இல்தான். ஆக, அன்று எலியட் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கையும் முன்னால் நடந்ததைத் தொடாது. இந்திய அரசே இந்த வரம்பை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறது. நீதிமன்றத்துக்குப் போனால் நாங்கள் தோற்போம்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். தோண்ட அனுமதி கேட்டது கம்பெனி அதிகாரி. அனுமதி கொடுத்ததும் கம்பெனி. கப்பலேற்றியது சென்னை அரசு, பெற்றுக்கொண்டது லண்டன் அரசு. இந்தப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. தன் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டதைச் சட்டப்படியான கைமாற்றம் என்று சொல்லலாம். சம்மதம் என்று சொல்ல முடியாது.

உங்களைக் கட்டிப்போடும் இரண்டாவது சட்டம் 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மியூசியம் சட்டம். அதன் 5ஆம் பிரிவின்படி, சில விலக்குகள் தவிர, நீங்கள் தொகுப்பிலிருந்து எதையும் கைவிட முடியாது. ஒன்றுபோல் இரண்டு இருந்தால் ஒன்றைத் தரலாம், சேதமாகிப் பயனற்றுப் போனதைத் தள்ளலாம், தொகுப்புக்குத் தகாதது என்று கருதினால் ஆய்வாளர்களுக்குக் குறை வராத பட்சத்தில் விலக்கலாம், பெரும்பாலும் அவ்வளவுதான். "எங்களுக்கு ஆசையிருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கிறது" என்று நீங்கள் சொல்லும்போது அதை நான் சாக்கு என்று தள்ளவில்லை. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. இன்று ஆட்சியில் இருப்பவரின் விருப்பத்துக்கோ பணமுடைக்கோ நாளை தொகுப்பு கலைந்துபோகக் கூடாது என்பது அது. அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். எங்கள் ஊர் மியூசியங்களுக்கும் அப்படி ஒரு கட்டு வேண்டும் என்றுகூட நினைக்கிறேன்.

ஆனாலும் அந்தக் கட்டு அவிழ்ந்த நேரங்கள் உண்டு. பெனின் பலகைகளில் 30க்கும் மேற்பட்டவற்றை 1950 முதல் 1972 வரை, ஒன்றுபோல் இன்னொன்று இருக்கிறது என்று சொல்லி நீங்களே விற்றீர்கள். நைஜீரியாவும் அவற்றில் சிலவற்றைக் காசு கொடுத்து வாங்கியது. 2004இல் மனித உடலெச்சங்களுக்காகப் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. அதன்படி 2006இல் தாஸ்மானியாவின் பூர்வகுடிகளுக்கு அவர்களுடைய முன்னோர்களின் சாம்பல் பொதிகளைத் திருப்பிக் கொடுத்தீர்கள். நாஜிகள் பறித்த பொருள்களுக்காக 2009இல் இன்னொரு சட்டம் வந்தது. இதையெல்லாம் குறை சொல்ல எழுதவில்லை. பார்லிமெண்ட் சட்டம் கொண்டுவந்த இரண்டு முறையும் செய்தது சரி. பார்லிமெண்ட் மனம் வைத்தால் வழி திறக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வழியைத் திறக்கும்படி அறங்காவலர்கள் ஒருமுறையாவது எழுத்தில் கேட்டால் அதற்கு ஒரு கனம் இருக்கும்.

இனி, உங்கள் தரப்பில் எனக்கு மிக வலுவாகப் படும் வாதம். ஒரே கூரையின்கீழ் அமராவதியும் ஏதென்ஸும் எகிப்தும் அசிரியாவும் இருக்கும் இடம் உலகத்தில் அதிகமில்லை. ஒரு மணி நேரத்தில் ஒருவர் பார்த்தெனானின் குதிரைகளையும் அமராவதியின் குதிரைகளையும் பார்த்துவிட்டு, இரண்டும் எப்படி வேறு, எங்கே ஒன்று என்று யோசிக்கலாம். அதை நான் செய்திருக்கிறேன். அது பொய்யான அனுபவம் இல்லை. அமராவதிச் சிற்பம் உலகக் கலை வரலாற்றில் பேசப்படுவதற்கு, அது லண்டனில் இருந்ததும் ஃபெர்குசன் அதைப் பற்றி எழுதியதும் ஒரு காரணம். இதையும் மறுக்க மாட்டேன்.

இருந்தாலும் ஒரே ஒரு கல்லைக் காட்டி இதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். உங்களிடம் உள்ளதில் புகழ்பெற்ற பலகை அது. ஏறக்குறைய நாலடி உயரம். தூபியின் உருளையான அடிச்சுவரில் பதித்திருந்தது. முன்பக்கத்தில் ஒரு முழுத் தூபியையே சிறிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். கல்வேலி, வாசல் தூண்களின்மேல் சிங்கங்கள், வாசலுக்கு நேராக மேடையில் ஐந்து ஆயகத் தூண்கள், அதற்குமேல் மாலை தொங்கும் குமிழ், இரண்டு பக்கமும் பறந்து வரும் தேவர்கள். இது 3ஆம் நூற்றாண்டு வேலை. பலகையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே தூபி இல்லை, புத்தரின் உருவமும் இல்லை. போதிமரம், அதன்கீழ் வெறும் ஆசனம், சுற்றி வணங்குகிறவர்கள். அது இரண்டு மூன்று நூற்றாண்டு முந்தியது. அப்போது புத்தரை உருவமாகச் செதுக்குகிற வழக்கம் அங்கே இல்லை. பிறகு வந்த தலைமுறை அந்தக் கல்லைத் தூக்கியெறியவில்லை. திருப்பிவைத்து, மறுபக்கத்தில் தன் காலத்துப் பக்தியைச் செதுக்கியது.

அந்தப் பலகையை லண்டனில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது அழகான ஒரு சிற்பம். அமராவதியில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது ஒரு சாவி. ஏனென்றால் அமராவதியில் இன்று இருப்பது புல் முளைத்த தாழ்ந்த வட்டம், சில தூண் துண்டுகள், நட்டுவைத்த சில பலகைகள். மகாசைத்தியம் எப்படி எழும்பி நின்றது என்று அங்கே நிற்கிறவருக்குச் சொல்லக்கூடிய சாட்சிகள் இந்தத் தூபிப் பலகைகள்தான். அவற்றில் சில சென்னையில், மிகச் சிறந்தது உங்களிடம். லண்டனில் அந்தக் கல்லை எடுத்துவிட்டால் ஒரு கண்காட்சி அறையில் ஒரு இடம் காலியாகும், அருகில் இன்னும் நூறு கற்கள் இருக்கும். அமராவதியில் அது இல்லாததால் அந்த இடமே வாசிக்க முடியாததாகக் கிடக்கிறது. இரண்டு இழப்பும் சமம் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்கும் இன்பத்துக்கு நல்ல வார்ப்பு போதும், கோல் சொன்னதுபோல. இடத்தைப் புரிந்துகொள்ள மூலம் வேண்டும்.

அது செத்த இடமும் அல்ல. 2006 ஜனவரியில் தலாய் லாமா அங்கே காலசக்கர வழிபாடு நடத்தினார். காலசக்கரம் முதலில் உபதேசிக்கப்பட்ட இடம் தானியகடகம் என்பது திபெத்தியர்களின் நம்பிக்கை. வந்த கூட்டம் அந்தப் புல்மேட்டைத்தான் சுற்றி வந்தது.

அடுத்து, "யாரிடம் கொடுப்பது" என்ற கேள்வி. இது எங்களைச் சங்கடப்படுத்தக் கேட்கப்படும் கேள்வி என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்குக் கோபம் இல்லை, சங்கடம் இருக்கிறது. ஏனென்றால் அமராவதிச் சிற்பங்களின் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று எங்கள் எழும்பூரில் இருக்கிறது. அவையும் அமராவதியிலிருந்து அதே ஆட்சியின்கீழ் கொண்டுவரப்பட்டவைதான். ஆந்திராவில் அவற்றைத் திருப்பிக் கேட்கும் குரல் அவ்வப்போது எழுகிறது. அப்போதெல்லாம் எங்கள் பக்கம் சொல்லப்படும் பதில்களைக் கேட்டிருக்கிறேன். நாங்கள்தான் காப்பாற்றினோம், இங்கே நன்றாக இருக்கிறது, இவ்வளவு காலமாகிவிட்டது, இங்கே அதிகம் பேர் பார்க்கிறார்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் எங்களுக்கு எரிச்சலூட்டும் அதே சொற்கள்.

காப்பாற்றியதும் முழு உண்மை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் அந்தக் கற்களைச் சுவரோடு சேர்த்து வைத்துப் பூசிவிட்டார்கள். சுவரின் ஈரத்தோடு உப்பு கல்லுக்குள் ஏறியது. உப்பு காய்ந்து படிகமாகும்போது மேல்தோல் செதிள் செதிளாக உதிரும். கிட்டப்போய்ப் பார்த்தால் சில முகங்களில் மூக்கும் உதடும் மாவுபோல் கரைந்திருப்பது தெரியும். அதைச் சரிசெய்ய எங்கள் பாதுகாப்பு வல்லுநர்கள் வெகுகாலம் பாடுபட வேண்டியிருந்தது. அதனால்தான் இந்த மடலின் பிரதி ஒன்றை எழும்பூர் மியூசியத்துக்கும் அனுப்புகிறேன். லண்டனிடம் கேட்பதை நாம் கொடுக்கத் தயாரில்லை என்றால் கேட்க நமக்கு வாய் கிடையாது.

நான் புரிந்துகொண்ட அளவில், "யாரிடம்" என்பதற்குப் பதில் அப்படி ஒன்றும் கஷ்டமானது அல்ல. சென்னையிடமும் வேண்டாம், டெல்லியிடமும் வேண்டாம். கல் எந்த வட்டத்தில் நின்றதோ அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே. இந்தியத் தொல்லியல் துறையின் மியூசியம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

"அங்கே பத்திரமாக இருக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 2023இல் உங்கள் களஞ்சியத்திலிருந்து ஏறக்குறைய 2,000 பொருள்கள் காணாமலும் சேதமுமாகப் போன செய்தி வந்து, உங்கள் இயக்குநரே பதவி விலகினார். அதைக் குத்திக்காட்டிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். ஆனால் எங்கள் பக்கமும் பார்க்கிறேன். ஸ்ரீபுரந்தான் கோயிலில் பூட்டை உடைத்து நடராஜரைத் திருடினார்கள். 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் அவரை 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014இல்தான் திரும்பி வந்தார். அப்படித் திரும்பி வந்த சாமிகளும், கோயிலில் வைக்கப் பயந்து கொண்டுவந்த சாமிகளும், திருவாரூர் போன்ற பாதுகாப்பு மையங்களில் கம்பிக்கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். கற்பூரம் இல்லை, பூ இல்லை. திரும்பி வருவது என்பது விமானத்திலிருந்து பெட்டியை இறக்குவதோடு முடியாது என்று எங்களுக்கே நன்றாகத் தெரியும். அமராவதிக்கு வருகிற கல்லுக்கு ஈரப்பதம் கட்டுப்படுத்திய கூடம் வேண்டும், சுவரில் ஒட்டாமல் தனித்து நிற்கும் தாங்கி வேண்டும், இரவுக் காவல் வேண்டும், சம்பளம் வாங்கும் ஒரு பாதுகாப்பு வல்லுநர் நிரந்தரமாக வேண்டும். இவற்றை நீங்கள் நிபந்தனையாக வைத்தால் அது அவமானம் இல்லை, நியாயம். முடிவேயில்லாத தேர்வாக வைத்தால்தான் அவமானம்.

கடனாகத் தருகிறோம் என்பீர்கள். 2024இல் நீங்களும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் சேர்ந்து அசாந்தி மக்களின் தங்கப் பொருள்கள் 32ஐ மூன்று வருஷக் கடனாகக் குமாசிக்கு அனுப்பினீர்கள். சொந்தப் பொருளைக் கடனாக வாங்குவதா என்று கானாவிலேயே பலர் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி. ஆனால் குமாசியில் அந்தப் பொருள்களைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள் என்பதும் சரி. நான் பிடிவாதக்காரன் இல்லை. கடன் ஒப்பந்தத்தில் "இது பிரிட்டிஷ் மியூசியத்தின் சொத்து என்று ஒப்புக்கொள்கிறோம்" என்ற வரியில் எங்களைக் கையெழுத்துப் போட வைக்காமல், சொத்துரிமைக் கேள்வியை இரு தரப்பும் திறந்தே வைத்து ஒரு கடன் எழுத முடியுமானால், அதை முதல் படியாக ஏற்கலாம் என்பது என் கருத்து. என் நண்பர்கள் சிலர் இதற்காக என்னோடு சண்டை போடுவார்கள். போடட்டும்.

எல்லாக் கற்களையும் ஒரே நாளில் கேட்கவில்லை. உங்களிடம் 120க்கும் மேல் இருக்கின்றன. முதலில் அந்த இருபக்கப் பலகை. அதோடு, வேலியின் ஒரு சிறு பகுதியை எழுப்பிக் காட்டப் போதுமான தூண்களும் குறுக்குக் கற்களும் உச்சிக்கல்லும். அதே அளவுக்கு எழும்பூரும் அனுப்பட்டும். மெக்கன்சியின் ஓவியங்கள் உங்கள் ஊரிலேயே பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. எந்தக் கல் எங்கே நின்றது என்று தேட அவற்றைவிட நல்ல கையேடு கிடையாது. மூன்று இடத்து ஆட்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அந்த வேலியின் ஒரு துண்டு தன் ஊரில் நிமிர்ந்து நிற்கும்.

அதுவரை, காசில்லாமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 33ஏ அறையில் இருக்கும் விளக்க அட்டையில் இந்த வரலாற்றை முழுக்க எழுதுங்கள். 1845இல் தோண்டியது, 1858இல் சென்னை மியூசியத்தில் நின்றது, 1859இல் கப்பலேறியது, பிறகு வண்டிக்கொட்டகை, பிறகு 1880. ஜமீன்தார் தோண்டியதையும் சூளையையும் சேர்த்தே எழுதுங்கள். டிரைப் எடுத்த படம் ஒன்றைப் பக்கத்தில் மாட்டுங்கள். அந்தப் படத்தில் சென்னைச் சுவரில் சாய்ந்து நிற்கும் கல்லையும், எதிரே லண்டனில் நிற்கும் அதே கல்லையும் வருகிறவர்கள் மாறிமாறிப் பார்க்கட்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வந்தால் அதையும் முழுதாக வெளியிடுவேன்.

இப்படிக்கு,
எழும்பூர் மியூசியத்தின் ஒரு பார்வையாளன்

பிரதி: அரசு அருங்காட்சியகம், எழும்பூர், சென்னை